லோ சுகர்: மாத்திரை அட்டை சொல்லும் சேதி

1942-ஆம் ஆண்டு பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். கிருமியைக் கொல்லும் என்று நம்பிக் கொடுத்த மருந்து அது. சில நோயாளிகளுக்கு எதிர்பாராத விதமாக நினைவு தடுமாறியது, வலிப்பு வந்தது. சோதித்தபோது அவர்களுடைய ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அதே ஊரைச் சேர்ந்த அகுஸ்த் லுபாத்தியேர் இதை நாய்களிடம் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. கணையத்தை எடுத்துவிட்ட நாயிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை.

இன்று சர்க்கரை நோய்க்குத் தரப்படும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் அந்த மருந்தின் வாரிசுகள். ‘சல்ஃபோனில்யூரியா’ என்பது குடும்பப் பெயர். விலை குறைவு, வேலை உறுதி, அதனால் நம் ஊரில் லட்சக்கணக்கானோர் காலையில் விழுங்குகிறார்கள். ஆனால் வம்சத்தின் குணமும் கூடவே வந்திருக்கிறது. சாப்பிட்டாயா இல்லையா என்று இந்த மாத்திரை கேட்பதில்லை. உள்ளே போனதும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இல்லாவிட்டால், ‘கை நடுங்குது, வேர்க்குது, பசி பிடுங்குது’ என்று ஆள் உட்கார்ந்துவிடுவார்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வருவது அபூர்வம். ‘கிளிப்டின்’ என்று முடியும் மாத்திரைகளும் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிபவையும் தனியாகச் சாப்பிட்டால் அப்படித்தான். வம்பு பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது: ஒன்று இன்சுலின் ஊசி, இன்னொன்று சல்ஃபோனில்யூரியா. ஆகவே ஒருவருக்குச் சர்க்கரை இறங்குமா, இறங்கினால் எதைக் கொடுக்க வேண்டும், எத்தனை நேரம் காவல் இருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் விடை அவருடைய மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுகோஸ். கணக்குப் போட்டால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் அந்த அளவு குளுகோஸைச் செலவழித்துவிடும். கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து எடுத்து ஊற்றிக்கொண்டே இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. இன்சுலின் மிதமிஞ்சி இருந்தால் கல்லீரலின் இந்த ஊற்று அடைபடும். தசைகளும் ரத்தத்திலிருந்து குளுகோஸை இழுத்துக்கொள்ளும்.

அளவு 70-க்குக் கீழே போகும்போது உடம்பு அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது. கை விரல் நடுங்குவது, நெஞ்சு படபடப்பது, காரணமில்லாத பதற்றம் எல்லாம் அதன் வேலை. வியர்வையும் பசியும் உதடு மரமரப்பதும் அதே நேரத்தில் நரம்பு வழியாக வருகின்றன. இந்த வியர்வை உழைத்துவிட்டு வரும் வியர்வை போல் இருக்காது. பின்கழுத்திலும் நெற்றியிலும் குளிர்ச்சியாகக் கசியும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் சட்டை நனையும்.

54-க்குக் கீழே போனால் அடி மூளைக்கே விழுகிறது. பேச்சு குழறும், பார்வை மங்கும், எளிய கூட்டல் வராது. வீட்டார் பலர் முதலில் கவனிப்பது கோபத்தைத்தான். சாதுவான மனிதர் எரிந்து விழுவார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால், ‘எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா விடுங்க’ என்று தம்ளரைத் தள்ளிவிடுவார். முடிவெடுக்க வேண்டிய மூளையே பட்டினி கிடக்கும்போது அவருடைய மறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெருவில் இப்படித் தள்ளாடினால் குடித்துவிட்டார் என்று பார்க்கிறவர்கள் விலகிப் போவதும் நடக்கிறது.

ஒரு கல்யாண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு 64 வயது. காலையில் அவர் சாப்பிடும் ஒரே மாத்திரையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், வோக்லிபோஸ் 0.2 மில்லிகிராம் என மூன்று மருந்து கலந்திருக்கிறது. வழக்கப்படி ஏழு மணிக்கு விழுங்கிவிட்டார். எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவது அவர் பழக்கம். அன்றைக்கு எட்டு மணிக்கு ஐயர் அழைத்தார், பிறகு யாரோ மொய்ப் பையைக் கையில் கொடுத்தார்கள், டிபன் பந்தியும் முடிந்துபோனது. உள்ளே போனது சர்க்கரை போடாத காபி மட்டும். கிளிமிபிரைடு இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும் மருந்து. பத்தே கால் மணிக்கு, ஏசி ஓடும் மண்டபத்தில், அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கிறது. மொய் நோட்டில் பெயர் எழுதும் கை கோணுகிறது.

“என்னங்க பெரியப்பா, முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?” என்று கேட்கிறாள் செவிலியராக வேலை பார்க்கும் தம்பி மகள்.

“பசிக்குதும்மா. கண்ணக் கட்டிட்டு வருது.”

அவள் பையிலிருந்த குளுகோமீட்டரில் பார்த்தால் 52. சமையல்கட்டிலிருந்து ஒருவர் ஓடிப்போய் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவருகிறார். குடித்தாகிவிட்டது. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தால் 55. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. நடுக்கமும் நிற்கவில்லை.

“பெரியப்பா, காலைல என்ன மாத்திரை போட்டீங்க? அட்டைய எடுங்க.” சட்டைப் பையிலிருந்து அட்டை வருகிறது. அதில் வோக்லிபோஸ் என்ற பெயரைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது.

சீனி என்பது குளுகோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கும் சர்க்கரை. சிறுகுடலின் சுவரில் உள்ள நொதி அந்தக் கையைப் பிரித்துவிட்டால்தான் ரத்தத்துக்குள் நுழைய முடியும். வோக்லிபோஸும் அதன் உறவான அகார்போஸும் செய்யும் வேலையே அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறாமல் தடுக்க அது நல்ல உத்தி. லோ சுகர் நேரத்தில் அதே உத்தி எதிரியாகிறது. வாயில் போட்ட சீனி குடலிலேயே காத்துக்கிடக்கும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் பெரும்பாலும் இதே சீனிதான். நிறமும் மணமும் வேறு, கதி ஒன்று. இவர்களுக்கு வேண்டியது பிரிக்கத் தேவையில்லாத குளுகோஸ்: மருந்துக் கடையில் கிடைக்கும் குளுகோஸ் பொடி. அவசரத்துக்குத் தேனும் ஆகும், அதில் குளுகோஸ் தனியாகவே இருக்கிறது.

எதிர்க் கடையிலிருந்து குளுகோஸ் டப்பா வருகிறது. மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், அரை தம்ளர் தண்ணீரில். கால் மணி நேரத்தில் 84. பெரியப்பாவின் கை நிற்கிறது, முகம் தெளிகிறது. உடனே இரண்டு இட்லி. இத்துடன் கதை முடிந்தது என்று மண்டபமே நினைக்கிறது. தம்பி மகள் மட்டும் நினைக்கவில்லை. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நான்கு மணிக்கு அவள் பார்த்தபோது 66-க்கு இறங்கியிருந்தது. மறுபடி குளுகோஸ், மறுபடி தீனி. இந்த மாத்திரையால் வரும் லோ சுகர் ஒருமுறை ஏறிவிட்டுத் திரும்ப விழும். நினைவு தப்பி மருத்துவமனைக்குப் போகிறவர்களைத் தெளிந்த பிறகும் ஒரு நாளாவது படுக்கையில் வைத்திருப்பது இதனால்தான். ‘அப்பா நல்லாத்தானே இருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்று டாக்டரிடம் மல்லுக்கட்டுவது ஆபத்து.

மண்டபத்தில் அந்தப் பெண் செய்ததற்கு மருத்துவ உலகில் ‘15-15 விதி’ என்று பெயர். 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் 15 கிராம். வோக்லிபோஸ் சாப்பிடாதவர்களுக்கு மூன்று டீஸ்பூன் சீனித் தண்ணீரே போதும். டயட் என்று எழுதாத சாதாரண கோலா முக்கால் தம்ளர், அதாவது 150 மில்லி, அதே வேலையைச் செய்யும். கடினமான பகுதி அந்தக் கால் மணி நேரக் காத்திருப்பு. பசி பேயாகப் பிடுங்கும். கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். அப்படிச் செய்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் அளவு 300-ஐத் தொட்டிருக்கும்.

எதைக் கொடுக்கிறோம் என்பதில் நல்லெண்ணத்தோடு தவறுகள் நடக்கின்றன. மைசூர்பாகு, லட்டு, சாக்லேட் போன்றவற்றில் நெய்யும் கொழுப்பும் வயிற்றில் தாமதப்படுத்தும். அவை இனிப்புதான், ஆனால் நேரத்துக்கு வராது. இளநீரில் சர்க்கரை குறைவு. ஒரு காயைக் குடித்தாலும் 15 கிராம் எட்டுவது அரிது. பேதிக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுகோஸ்தான் இருக்கிறது. ஒரு தம்ளர் குடித்தால் மூன்று கிராம் கூட உள்ளே போகாது. பிஸ்கட், வாழைப்பழம், இட்லி எல்லாம் இரண்டாவது பந்திக்கு உரியவை: முதலில் குளுகோஸ் ஏற்றிவிட்டு, ஏறியது இறங்காமல் தாங்குவதற்குக் கொடுக்க வேண்டியவை.

குளுகோமீட்டர் கையில் இல்லை என்றால்? அதைத் தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அறிகுறி இருந்தால் முதலில் குளுகோஸ். மீட்டர் இருந்தாலும் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் சாப்பிட்ட விரலில் ஒட்டியிருக்கும் சாறே 55-ஐ 150 என்று காட்டிவிடக்கூடும். நல்ல மீட்டருக்கும் 100-க்குக் கீழே பதினைந்து புள்ளிவரை முன்பின் காட்டும் உரிமையைச் சர்வதேசத் தர விதியே கொடுத்திருக்கிறது. ஆள் நடுங்கி வியர்த்துக்கொண்டிருக்க மீட்டர் 76 என்று சொன்னால், மீட்டரை விட்டு ஆளை நம்புவது நல்லது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. மாதக்கணக்கில் 300, 350 என்று இருந்தவருக்குப் புது மருந்தால் 120-க்கு வரும்போது அதே நடுக்கம், அதே வியர்வை, அதே பசி. உயரத்துக்குப் பழகிப்போன உடம்புக்கு நியாயமான அளவே பள்ளமாகத் தெரிகிறது. பயந்துபோய் ஒவ்வொரு முறையும் சர்க்கரை குடித்தால் அளவு திரும்ப ஏறிவிடும். இவர்களுக்கு மீட்டர்தான் சாட்சி. 100-க்கு மேல் காட்டினால் ஏதாவது கொஞ்சம் கொறித்துவிட்டு உட்காரலாம். சில வாரங்களில் உடம்பு புதிய அளவுக்குப் பழகிவிடும்.

ஆபத்து அதிகமானவர்கள் நடுங்காதவர்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரோலால், ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் மிஞ்சும். அடிக்கடி லோ சுகர் வந்தவர்களுக்கு அந்த வியர்வையும் போய்விடுவதுண்டு. தொடர்ந்து அடிக்கும் மணிக்கு மூளை பழகிவிடுகிறது. 70-இல் ஒலித்த மணி 50-இல்கூட ஒலிக்காது. நேராக மயக்கத்தில் கொண்டுவிடும். இரண்டு மூன்று வாரம் ஒருமுறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் மணி திரும்ப ஒலிக்கத் தொடங்கும் என்பது இதில் நல்ல செய்தி. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது தூக்கத்திலும் வரும். கெட்ட கனவு, நனைந்த தலையணை உறை, காலையில் மண்டையிடி என்று இருந்தால் சில நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும்.

ஆள் மயங்கிவிட்டால் விதி மாறுகிறது. வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெரியாதவர் வாயில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, ‘சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், லோ சுகராக இருக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அடுத்த இன்சுலினையோ மாத்திரையையோ யாரும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் விழிப்பார். குளுககான் என்ற ஊசி வீட்டிலேயே தசையில் போடக்கூடியது. இன்சுலின் போடும் குழந்தைகள் உள்ள வீடுகள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டும்போது அறிகுறி தெரிந்தால் ஓரம் கட்டி, சாவியை எடுத்துவிட்டுத்தான் குளுகோஸ். தெளிந்தவுடன் கிளம்பக் கூடாது. அளவு சரியாகி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஓட்டலாம் என்று பிரிட்டனில் ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். அளவு ஏறிய பிறகும் மூளையின் சுறுசுறுப்பு திரும்ப நேரமாவதே அதற்குக் காரணம்.

ஒருமுறை வந்துவிட்டால், அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஏன் வந்தது என்பதற்குத் தவறிய சாப்பாடு மட்டும் காரணமாக இருக்காது. வழக்கத்தைவிட அதிக நடை, ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு இவையெல்லாம் சர்க்கரையை இறக்கும். வெறும் வயிற்றில் குடித்த மதுவும் கல்லீரலின் குளுகோஸ் தயாரிப்பை நிறுத்திவிடும். இடையில் வந்த சளி, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குக் கொடுத்த கோட்ரைமாக்சசோல் மாதிரி ஆன்டிபயாட்டிக் சல்ஃபோனில்யூரியாவின் பலத்தைக் கூட்டிவிடும். மோன்பெலியே மருந்தைப் போல அதிலும் ஒரு சல்ஃபா இருக்கிறது. வயதானவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. ஐந்து வருடமாகத் தொந்தரவே தராத மாத்திரை இன்று திடீரென்று கூடிப்போனது என்றால், அதை வெளியேற்றும் சிறுநீரகம் குறைந்திருக்கலாம். கிளிபென்கிளமைடு இந்த விஷயத்தில் மிக மோசம். உடம்பில் தங்கிக்கொண்டு நாள் கணக்கில் இழுத்தடிக்கும். ஒரு கிரியாட்டினின் சோதனையில் இது தெரிந்துவிடும்.

மண்டபத்துப் பெரியப்பாவைப் போன்றவருக்கு மருத்துவர் கிளிமிபிரைடை ஒரு மில்லிகிராமாகக் குறைக்கலாம், அல்லது அதை நிறுத்திவிட்டுத் தானாக லோ சுகர் தராத வேறொன்றுக்கு மாற்றலாம். தானே நிறுத்துவது, பாதியாக ஒடிப்பது வேண்டாம். தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7-க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 8 வரை விட்டுப் பிடிப்பதே பல மருத்துவர்களின் வழக்கம். மாத்திரை நேரத்திலும் ஒரு சிறு திருத்தம் உண்டு. கிளிமிபிரைடு கலந்த மாத்திரையைக் கடிகாரம் பார்த்து விழுங்க வேண்டியதில்லை, இலையில் இட்லி விழுந்த பிறகு விழுங்கலாம். வோக்லிபோஸும் முதல் கவளத்தோடு சாப்பிட வேண்டிய மருந்துதான். கல்யாணம், பஸ் பயணம், ரத்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போகும் நாள் என்று டிபன் நிச்சயமில்லாத காலைகளில் மாத்திரை பையில் இருக்கட்டும். கூடவே 15 கிராம் குளுகோஸ் பொட்டலம் இரண்டு, ஈரம் புகாத சிறு டப்பாவில். மழைக்காலத்தில் அது கட்டி தட்டிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பார்த்து மாற்றிவிட வேண்டும்.